நிச்சய இழப்பும் பொருந்தா நம்பிக்கையும்: டச்சு புக் வாதம் எதைக் காட்டுகிறது?

*ஒருவர் சொல்லும் பந்தய விலைகள் ஒன்றோடொன்று பொருந்தாவிட்டால் அவரை எப்படியும் நஷ்டப்படுத்தலாம் என்பது கணக்காகப் புரிகிறது. ஆனால் பணத்தை இழப்பது வேறு, தவறாக நம்புவது வேறு அல்லவா? நஷ்டத்தை வைத்து அவருடைய நம்பிக்கையிலேயே முரண் இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்?*

நஷ்டம் குற்றம் அல்ல, தடயம். வேறு வகையில் கண்ணில் படாத ஒரு முரணை எல்லோரும் எண்ணிப் பார்க்கக்கூடிய நாணயக் கணக்காக மாற்றித் தருவதற்குத்தான் இந்த வாதத்தில் பந்தயம் வருகிறது. இதைப் பொதுவாகச் சொன்னால் நம்புவது கடினம் என்பதால் ஓர் உதாரணத்தை முழுவதுமாகப் போட்டுப் பார்த்துவிடலாம்.

நாளை ஒரு கால்பந்து ஆட்டம். ஓர் அணி வெல்லலாம், சமன் செய்யலாம் அல்லது தோற்கலாம். நான்காவது முடிவு இல்லை. ஒருவரிடம் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறோம். அந்த அணி வெல்லும் என்பதில் உங்களுக்கு எவ்வளவு நம்பிக்கை? “0.5” என்கிறார். சமன் ஆகும் என்பதில்? “0.3.” சற்று நேரம் கழித்து வேறொரு பேச்சின் நடுவே, அந்த அணி தோற்காமல் தப்பிக்கும் என்பதில் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டால் “0.7” என்கிறார். மூன்று பதில்களில் எதுவும் தனியாகப் பார்க்கும்போது விசித்திரமாக இல்லை. கவனமாகச் சிந்திக்கும் மனிதரே இப்படிச் சொல்லக்கூடும்.

இனி அந்த எண்களை விலைகளாக மாற்ற வேண்டும். இதற்கு இத்தாலியக் கணிதவியலாளர் புரூனோ தெ பினெட்டி கையாண்ட ஏற்பாடு எளிமையானது. ஒரு சீட்டை எண்ணிக்கொள்ளுங்கள்: அதில் எழுதியுள்ளது நடந்தால் 100 நாணயம் கிடைக்கும், நடக்காவிட்டால் ஒன்றும் கிடைக்காது. அந்தச் சீட்டுக்கு நியாயமான விலையை நம் ஆள் சொல்ல வேண்டும். ஆனால் அந்த விலையில் அவர் சீட்டை வாங்குவாரா விற்பாரா என்பதை எதிராளிதான் தீர்மானிப்பார். ஒருவர் பங்கு போட, மற்றவர் முதலில் எடுத்துக்கொள்ளும் பாகப்பிரிவினை போன்றது இது. விலையை ஏற்றிச் சொன்னால் அந்த ஏற்றிய விலைக்கே வாங்க வேண்டிவரும், இறக்கிச் சொன்னால் அந்த விலைக்கே விற்க வேண்டிவரும்; ஆகவே மனத்தில் உள்ளதைச் சொல்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. 0.5 என்ற நம்பிக்கையளவு 50 நாணய விலையாகவும், 0.3 என்பது 30 ஆகவும், 0.7 என்பது 70 ஆகவும் மாறுவது இப்படித்தான்.

எதிராளி இப்போது மூன்று காரியம் செய்கிறார். வெற்றிச் சீட்டை 50-க்கு நம் ஆளிடம் விற்கிறார். சமன் சீட்டை 30-க்கு விற்கிறார். “தோற்காது” என்ற சீட்டை அவரிடமிருந்து 70-க்கு வாங்குகிறார். நம் ஆள் கொடுத்தது 80, பெற்றது 70. ஆட்டம் தொடங்கும் முன்பே அவர் கையிலிருந்து 10 நாணயம் போய்விட்டது. அணி வென்றால் அவருடைய வெற்றிச் சீட்டுக்கு 100 வரும். ஆனால் அணி தோற்கவில்லை என்பதால் அவர் விற்ற சீட்டுக்கு அதே 100-ஐ எதிராளிக்குக் கொடுக்க வேண்டும். சமன் ஆனால் சமன் சீட்டுக்கு வரும் 100 அதே வழியில் போய்விடும். தோற்றால் எந்தச் சீட்டுக்கும் மதிப்பில்லை. மூன்று முடிவுகளிலும் பத்து நாணயம் போனது போனதுதான். இப்படி எது நடந்தாலும் ஒருவருக்கு இழப்பையே தரும் பந்தயத் தொகுப்புக்குத்தான் டச்சு புக் என்று பெயர்.

அவர் கடைசிச் சீட்டுக்கு 70-க்குப் பதிலாக 90 சொல்லியிருந்தாலும் தப்பியிருக்க முடியாது. எதிராளி எல்லாவற்றையும் திருப்பிச் செய்வார்: வெற்றி, சமன் சீட்டுகளை அவரிடமிருந்து 80-க்கு வாங்கி, “தோற்காது” சீட்டை அவரிடம் 90-க்கு விற்பார். அப்போதும் அதே பத்து நாணயம். ஐம்பதையும் முப்பதையும் விடாமல் வைத்துக்கொண்டால் மூன்றாவது சீட்டுக்கு நிச்சய இழப்பைத் தராத ஒரே விலை 80 மட்டுமே. ஒன்றையொன்று விலக்கும் நிகழ்வுகளின் நிகழ்தகவுகளைக் கூட்டினால் “இது அல்லது அது” என்பதன் நிகழ்தகவு கிடைக்க வேண்டும் என்ற கூட்டல் விதி இப்படித்தான் பந்தயத்திலிருந்து வெளிவருகிறது. நிகழ்தகவு 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்க வேண்டும், நிச்சயமானதன் நிகழ்தகவு 1 என்ற மற்ற விதிகளுக்கும் இதே பாணியில் இன்னும் எளிய பந்தயங்கள் உண்டு. 100 நாணயத்துக்கு மேல் தரவே முடியாத சீட்டை 110-க்கு வாங்குபவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை.

உங்கள் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது. பத்து நாணயம் போனது சரி, அதில் நம்பிக்கையின் முரண் எங்கே?

எதிராளி என்ன தெரிந்துகொண்டு இதைச் செய்தார் என்று கேட்டுப் பாருங்கள். அந்த அணியின் பலம் அவருக்குத் தெரியாது. ஆட்டம் எங்கே நடக்கிறது, யார் காயமடைந்திருக்கிறார்கள் என்பது எதுவும் தெரியாது. கால்பந்து என்றால் என்னவென்றே தெரியாதவராகவும் இருக்கலாம். அவரிடம் இருந்தது நம் ஆளின் வாயிலிருந்து வந்த மூன்று எண்களும், “தோற்காது” என்றால் “வெல்லும் அல்லது சமன் செய்யும்” என்று பொருள் என்ற அறிவும் மட்டுமே. சாதாரணப் பந்தயத்தில் தோற்பவர் உலகம் தான் நினைத்தபடி நடக்காததால் தோற்கிறார். இங்கே உலகத்துக்கு எந்தப் பங்கும் இல்லை. அது எப்படி நடந்தாலும் தோல்விதான். எல்லா முடிவுகளிலும் ஒரேபோல வரும் ஓர் இழப்புக்கான காரணத்தை முடிவுகளில் தேட முடியாது, அந்த மூன்று எண்களுக்கு இடையிலான உறவில்தான் தேட வேண்டும்.

அந்த உறவில் இருப்பது இதுதான். வெற்றிச் சீட்டையும் சமன் சீட்டையும் ஒரு கையில் சேர்த்துப் பிடித்தால் கிடைக்கும் பொருள் எது? அணி வென்றால் 100, சமன் செய்தால் 100, தோற்றால் சுழி. மறு கையில் உள்ள “தோற்காது” சீட்டு தருவது? வென்றால் 100, சமன் செய்தால் 100, தோற்றால் சுழி. இரண்டும் ஒரே பொருள். எந்தச் சூழ்நிலையிலும் ஒரு நாணயம்கூட வித்தியாசப்படாத ஒன்றை, இரண்டு துண்டாகக் கொடுத்தால் 80 பெறும் என்றும், ஒரே துண்டாகக் கொடுத்தால் 70 பெறும் என்றும் நம் ஆள் மதிப்பிட்டிருக்கிறார். அவர் மதிப்பிட்டது அந்தப் பொருளை அல்ல, அது வருணிக்கப்பட்ட சொற்களை.

கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிராங்க் ராம்சே 1926-இல் எழுதிய கட்டுரையில் வாதத்தின் சாரத்தை இதே இடத்தில்தான் வைத்தார். நிகழ்தகவு விதிகளை மீறுபவரின் விருப்பத்தேர்வு, தெரிவுகள் எந்த வடிவில் முன்வைக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்து மாறும், அது அபத்தம் என்பது அவருடைய முதல் கூற்று. அத்தகையவருக்கு எதிராகச் சாமர்த்தியசாலி ஒருவர் எது நடந்தாலும் வெல்லும்படி பந்தயம் கட்டலாம் என்பது அதைத் தொடர்ந்து வருவது. ராம்சே 1930 ஜனவரியில் 26 வயதில் இறந்துபோனார். கட்டுரை 1931-இல்தான் அச்சானது. தெ பினெட்டி தனியாகவே இதே முடிவுக்கு வந்தார், அவருடைய புகழ்பெற்ற பிரெஞ்சுக் கட்டுரை 1937-இல் வெளியானது. பின்னால் வந்த பாடநூல்களில் நஷ்டம் முன்னுக்கு வந்து, வருணனையைப் பொறுத்து மதிப்பு மாறுவது என்ற முதல் கூற்று பின்னுக்குப் போய்விட்டது. உங்களைப் போலப் பலருக்கும் இந்தக் கேள்வி எழுவதற்கு அந்த வரிசை மாற்றமே காரணம் என்று நினைக்கிறேன். (பெயரைப் பற்றி ஒரு வார்த்தை: இங்கே ‘புக்’ என்பது பந்தயம் பிடிப்பவர் எழுதும் கணக்கு. ‘டச்சு’ என்ற அடைமொழி ராம்சேயின் கட்டுரையில் இல்லை, பின்னால் ஒட்டிக்கொண்டது.)

தர்க்க முரணோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மூன்று வாக்கியங்களைச் சொல்கிறேன். அவை மூன்றும் சேர்ந்து உண்மையாக இருக்கும்படி உலகம் எந்த வகையிலும் அமைய முடியாது என்றால் அவை முரண்படுகின்றன என்கிறோம். எந்த வாக்கியம் பொய் என்று தெரியாமலேயே இதைச் சொல்ல முடியும். அதே போல, மூன்று விலைகளைச் சொல்கிறேன். அவற்றின்படி நடக்கும் ஒரு வியாபாரத் தொகுப்பு உலகத்தின் எந்த அமைப்பிலும் நஷ்டத்திலிருந்து தப்பாது என்றால் அவை இசைவற்றவை. எந்த விலை தவறு என்று இங்கேயும் தெரிய வேண்டியதில்லை. முழு நம்பிக்கைகளுக்கு முரண் எப்படியோ, அரைகுறை நம்பிக்கைகளுக்கு இசைவின்மை அப்படி. நாணயம் ஓர் அளவுகோல்தான், அதை இழப்பதில் ஒழுக்கக்கேடோ முட்டாள்தனமோ எதுவும் இல்லை.

“நான் பந்தயமே கட்டமாட்டேன், அப்புறம் எப்படி நஷ்டம்?” என்ற மறுப்பு இதனால்தான் பெரிதாகக் கடிப்பதில்லை. பந்தயம் கட்டாதவருக்கு நஷ்டம் வராது. ஆனால் ஒரே பொருளை எண்பதாகவும் எழுபதாகவும் அவர் மதிப்பது அப்படியே இருக்கும். வெப்பமானியை உடைத்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிடாது. ராம்சே சற்று வேறு விதமாகவும் பதில் சொன்னார்: ரயில் நிலையத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு முறையும் ரயில் ஓடும் என்று நாம் பந்தயம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஓர் எச்சரிக்கை இங்கே தேவைப்படுகிறது. பொருந்தா விலைகளை எங்கே கண்டாலும் இசைவற்ற நம்பிக்கை என்று முத்திரை குத்திவிடக் கூடாது. பந்தய நிறுவனம் ஒன்று வெற்றிக்கு 2.0, சமனுக்கு 3.0, தோல்விக்கு 4.0 என்று மடங்குகளை அறிவித்தால், அதாவது வென்றவருக்குக் கட்டிய தொகையைப் போல அத்தனை மடங்கு தருவதாகச் சொன்னால், ஒரு நாணயம் பெறுவதற்கான விலைகள் அவற்றின் தலைகீழிகளான ½, ⅓, ¼. கூட்டினால் 13/12, அதாவது ஒன்றுக்கும் மேல். அந்த நிறுவனத்துக்கு நிகழ்தகவு தெரியவில்லை என்று பொருளா? இல்லை. அது இந்த விலைகளில் விற்க மட்டுமே செய்கிறது. அதே விலைக்கு உங்களிடமிருந்து வாங்க அது ஒருபோதும் ஒப்புக்கொள்ளாது. மிகையாக உள்ள பன்னிரண்டில் ஒரு பங்குதான் அதன் வருமானம். அறிவிப்புப் பலகையில் இருப்பது விற்பனை விலை, நம்பிக்கையளவு அல்ல. இன்னொரு நிலையும் உண்டு. டென்னிஸ் ஆட்டம் ஒன்றில் ஒரு நிறுவனம் முதல் வீரருக்கு 2.1 மடங்கும், வேறொரு நிறுவனம் இரண்டாம் வீரருக்கு 2.1 மடங்கும் தருகின்றன. இரண்டு பக்கமும் 100 நாணயம் கட்டினால் போட்டது 200, யார் வென்றாலும் வருவது 210. நிச்சய லாபம் கிடைத்தாலும் இரு நிறுவனங்களில் எதுவும் தன்னளவில் இசைவற்றது அல்ல. அவை ஒன்றோடொன்று கருத்து வேறுபடுகின்றன, அவ்வளவே. வாங்கவும் விற்கவும் ஒருவரே தயாராக வைத்திருக்கும், அவருடைய ஒரே மனத்திலிருந்து வந்த விலைகளுக்குத்தான் வாதம் பொருந்தும். இரண்டு பேர் முரண்பட்டால் அது விவாதம். ஒருவரே தன்னோடு முரண்பட்டால்தான் இசைவின்மை.

வாதத்துக்கு இன்னொரு பாதி உண்டு, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விதியை மீறினால் நிச்சய இழப்பு என்று மட்டும் காட்டினால் போதாது. விதியைக் கடைப்பிடிப்பவரையும் வேறு ஏதோ தந்திரத்தால் அதே போல் மொட்டையடிக்க முடியுமென்றால், நஷ்டம் எதற்கும் தடயம் ஆகாது. எல்லோருக்கும் அடிக்கும் காய்ச்சலை வைத்து யாருக்கு நோய் என்று சொல்ல முடியாது. இந்த மறுபாதியை 1955-இல் ஜான் கெமெனியும் ரஸ்ஸல் ஷெர்மன் லேமனும் தனித்தனியாக நிறுவினார்கள். அதன் கருவை ஒரு பத்தியிலேயே சொல்லிவிடலாம். உங்கள் விலைகள் நிகழ்தகவு விதிகளுக்கு உட்பட்டவை என்றால், ஒவ்வொரு சீட்டின் விலையும் உங்கள் கணக்கின்படி அதன் எதிர்பார்ப்பு மதிப்புக்கு, அதாவது ஒவ்வொரு முடிவிலும் கிடைப்பதை அந்த முடிவின் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டினால் வருவதற்குச் சமம். எனவே அந்த விலையில் வாங்கினாலும் விற்றாலும் எதிர்பார்க்கும் லாபம் சுழி. சுழிகளை எத்தனை சேர்த்தாலும் சுழியே. ஆகவே எந்தத் தொகுப்பின் எதிர்பார்ப்பும் சுழி. எல்லா முடிவுகளிலும் நஷ்டம் தரும் தொகுப்பு ஒன்று இருந்தால் அதன் எதிர்பார்ப்பு சுழிக்குக் கீழே இருந்தாக வேண்டும். இரண்டும் ஒருங்கே இருக்க முடியாது என்பதால் அப்படிப்பட்ட தொகுப்பு கிடையாது.

இதுவரை வாதத்தின் பக்கம் நின்று பேசினேன். அதன் உண்மையான பலவீனத்தை எனக்குக் காட்டியவர் ஒரு மாணவி. கரும்பலகையில் இதே 50, 30, 70 கணக்கை எழுதி, பத்து நாணயத்தைச் சுழித்துக் காட்டி, வெற்றிப் பெருமிதத்தோடு திரும்பினேன். முதல் வரிசையிலிருந்து, “சார், அந்த முதல் சீட்டை ஐம்பதுக்கு வாங்குவேன் என்றுதான் சொன்னேன். அதை வாங்கி முடித்த பிறகும் இரண்டாவதை முப்பதுக்கு வாங்குவேன் என்று எப்போது சொன்னேன்?” என்று கேட்டார். அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை, அடுத்த வகுப்பில் பார்க்கலாம் என்று தப்பித்துக்கொண்டேன்.

அவர் விரலை வைத்த இடம் சரியான இடம். தனித்தனியாக 50-உம் 30-உம் நியாயம் என்றால் இரண்டும் சேர்ந்து 80 நியாயம் என்று வாதம் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது. இதைத் தொகுப்புக் கொள்கை எனலாம். பிரெடரிக் ஷிக் 1986-இல் இதன் மேல்தான் தாக்குதல் தொடுத்தார். வாழ்க்கையில் பொருள்களின் மதிப்பு இப்படிக் கூடுவது அரிது: ஒரு ஜோடிச் செருப்பில் இடது மட்டும், வலது மட்டும் என்று விலை கேட்டுக் கூட்டிப் பாருங்கள். பணத்திலும் இதே சிக்கல் உண்டு. கையில் ஏற்கெனவே நிறைய இருந்தால் அடுத்து வரும் நூறின் அருமை குறைகிறது. அதனால் பெரிய தொகைகளில் ஒரு பந்தயம் மற்றொன்றின் மதிப்பை மாற்றிவிடும்.

பணத்தின் அருமை குறைவதால் வரும் சிக்கலுக்குப் பழைய பதில்கள் உண்டு. தொகையை மிகச் சிறியதாக வைத்தால் ஒரு நாணயத்தின் அருமை மாறுவதற்குள் பந்தயம் முடிந்துவிடும். அல்லது ராம்சே செய்ததைப் போல, நாணயத்துக்குப் பதிலாகப் பயன்மதிப்பின், அதாவது ஒன்று ஒருவருக்கு எவ்வளவு அருமையானது என்பதன் அலகுகளிலேயே பந்தயத்தை வைக்கலாம். ஆனால் மாணவியின் மறுப்பு இதோடு அடங்கவில்லை. தொகை சிறிதாக இருக்கும்போதும் ஒருவர், “இரண்டு சீட்டையும் சேர்த்துக் கொடுத்தால் 70-தான் தருவேன், ‘தோற்காது’ சீட்டுக்கும் 70-தான் தருவேன்” என்று சொல்லலாம். இவரிடம் ஒரே பொருளுக்கு இரண்டு விலை இல்லை. மேலே நான் சொன்ன குற்றச்சாட்டு இவர் மேல் விழாது. அவருடைய 50-உம் 30-உம் சேர்ந்து 70 ஆவது விநோதம்தான்; ஆனால் விநோதம் வேறு, முரண் வேறு. அவரை மடக்க வேண்டுமானால் மதிப்புகள் கூடியே தீர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும், அதுவோ நாம் நிறுவ வந்த கூட்டல் விதிக்கு மிக நெருங்கிய உறவு. எனவே ஒன்றுமில்லாததிலிருந்து இந்த வாதம் நிகழ்தகவு விதிகளைப் படைத்துத் தந்துவிடுகிறது என்று நான் சொல்லமாட்டேன். ஒருவர் தன் ஒவ்வொரு ஐயத்துக்கும் ஒற்றை நியாய விலை வைத்திருந்து, அந்த விலைகள் மற்றப் பந்தயங்களால் பாதிக்கப்படாமல் அப்படியே நிற்கும் என்றும் ஒப்புக்கொண்டால், அவர் நிகழ்தகவு விதிகளுக்கு வெளியே போக முடியாது. வாதம் தருவது இவ்வளவுதான், இதுவே கணிசமானது.

ஒற்றை விலை இல்லாதவர் எப்படி இருப்பார் என்பதற்கு டேனியல் எல்ஸ்பெர்க் 1961-இல் முன்வைத்த குடுவை நல்ல உதாரணம். குடுவையில் 90 பந்துகள். 30 சிவப்பு என்பது தெரியும், மீதி 60-இல் கறுப்பு எத்தனை, மஞ்சள் எத்தனை என்பது தெரியாது. ஒரு பந்தை எடுக்கப்போகிறோம். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சீட்டு ஒன்றுக்குப் பரிசு 90 நாணயம் என்று வைத்துக்கொள்வோம், அப்போது பந்துக்கு ஒரு நாணயம் என்று ஆகிறது. சிவப்புச் சீட்டுக்கு 30, “கறுப்பு அல்லது மஞ்சள்” சீட்டுக்கு 60 என்பதில் யாருக்கும் தயக்கமில்லை. கறுப்புச் சீட்டுக்கு? எத்தனை கறுப்பு என்றே தெரியாத நிலையில் 20-க்கு மேல் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் புரிந்துகொள்ள முடிகிறது. மஞ்சளுக்கும் அவர் 20 என்கிறார்.

இவற்றை ஒற்றை நியாய விலைகளாக எடுத்துக்கொண்டால் அவர் அகப்பட்டுவிட்டார். கறுப்பு, மஞ்சள் சீட்டுகளை அவரிடமிருந்து 40-க்கு வாங்கி, “கறுப்பு அல்லது மஞ்சள்” சீட்டை 60-க்கு அவரிடமே விற்றால் எந்தப் பந்து வந்தாலும் அவருக்கு 20 நாணயம் நஷ்டம். ஆனால் அவரை நன்றாகக் கேட்டுப் பாருங்கள். 20 என்பது அவர் வாங்கும் விலை. கறுப்புச் சீட்டை விற்கச் சொன்னால் 40-க்குக் குறைந்து விற்கமாட்டார், ஏனென்றால் கறுப்புப் பந்துகள் எத்தனை இருக்குமோ என்ற அதே தயக்கம் இப்போது மறுபக்கமாக இழுக்கிறது. இனி எதிராளியால் என்ன செய்ய முடியும்? இரண்டு சீட்டுகளையும் 40 வீதம் 80 கொடுத்து வாங்கி, சேர்ந்த சீட்டை 60-க்கு விற்றால் எதிராளிக்கே 20 நஷ்டம். திருப்பிச் செய்து, இரண்டையும் 20 வீதம் விற்று, சேர்ந்ததை 60-க்கு வாங்கினாலும் நஷ்டம் எதிராளிக்கே. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இடைவெளி விட்டவரை டச்சு புக் தொடமுடியவில்லை. அவருடைய நம்பிக்கையை ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது, 20-க்கும் 40-க்கும் இடைப்பட்ட ஓர் இடைவெளியாகத்தான் சொல்ல முடியும். இத்தகைய கீழ், மேல் விலைகளுக்கான முழுக் கோட்பாட்டைப் பீட்டர் வாலி 1991-இல் நூலாகவே எழுதினார். என் மாணவியின் எதிர்ப்பும் அடியில் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்று பிறகு தோன்றியது: அவர் ஒப்புக்கொள்ள மறுத்தது கூட்டலை அல்ல, வாங்கவும் விற்கவும் ஒரே விலை என்ற ஏற்பாட்டை.

மற்றொரு எல்லை வேறு திசையில் இருக்கிறது. 2^67 − 1 என்ற எண் பகா எண் என்று மெர்சென் 1644-இல் தன் பட்டியலில் சேர்த்தார். அது பகா எண் அல்ல என்று 1876-இல் லூக்கா நிறுவினார். அதன் காரணிகள் 193707721, 761838257287 என்பதை 1903-இல் கோல் காட்டினார். 1850-இல் ஒருவர், “இது பகா எண்” என்ற சீட்டை 40 நாணயத்துக்கு வாங்கியிருந்தால், உலகம் எப்படி அமைந்திருந்தாலும் அந்த 40 போயிருக்கும். வாதத்தின் எழுத்துப்படி இவரும் நிச்சய இழப்பில் சிக்கியவரே. ஆனால் இவர் ஒரே பொருளை இரண்டு விதமாக மதித்தார் என்று சொல்ல மனம் வரவில்லை. அது எப்போதும் காலிச் சீட்டுதான் என்பது அன்று எவருக்கும் தெரியாது. நம் கால்பந்து ஆளோ, “தோற்காது” என்றால் என்ன பொருள் என்பதை நன்றாகவே அறிந்தவர். ஆகவே நிச்சய இழப்பு நம்பிக்கையின் முரணுக்குத் தடயம் ஆவது, இரண்டு வருணனைகளும் ஒன்றே என்பது அவருடைய எட்டும் தூரத்தில் இருக்கும்போதுதான். எட்டாத தூரத்தில் இருந்தால் இழப்பு காட்டுவது அறியாமையை மட்டுமே.

நம் ஆளிடமே திரும்பிப் போய் அந்தப் பத்து நாணயக் கணக்கைக் காட்டினால் அவர் என்ன செய்ய வேண்டும்? வெற்றியின் அளவை 0.4 ஆகக் குறைக்கலாம், சமனை 0.2 ஆகக் குறைக்கலாம், “தோற்காது” என்பதை 0.8 ஆக உயர்த்தலாம், மூன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தவும் செய்யலாம். எப்படிச் செய்தாலும் எதிராளியின் தந்திரம் அதோடு பலிக்காது. இவற்றில் எதைத் தேர்வது என்று டச்சு புக்கிடம் கேட்டுப் பயனில்லை. அதற்கு அவர் மீண்டும் ஆட்டத்தைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும்: அந்த அணி கடைசியாக எப்படி ஆடியது, எதிரணி யார், இப்படிப்பட்ட ஆட்டங்கள் எத்தனை முறை சமனில் முடிகின்றன என்பதையெல்லாம்.